பின்பக்கத்திலிருந்து படிக்கிறவள்

யூட்டா எந்த ஆய்வுக் கட்டுரையையும் முன்பக்கத்திலிருந்து படிக்க மாட்டாள். மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் தலைப்பை விரலால் மூடிக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவாள். அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும், ஆய்வுக்குப் பணம் யார் கொடுத்தது, எழுதியவர்களில் யாருக்கு எந்தக் கம்பெனி சம்பளம் தருகிறது என்றெல்லாம். அப்புறம் நடுவில் உள்ள அட்டவணை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள், பிளாசிபோ என்கிற வெற்று மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்களா. தலைப்பு அதற்கெல்லாம் பிறகுதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இவள் முதலில் விவாகரத்துப் பத்திரத்தைத்தான் கேட்பாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் ஊர் ஜுட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில், காற்று எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அடிக்கும் இடம். ஊருக்கு ஒரே மருந்துக் கடை. அதில் யூட்டா மருந்தாளர், நான் கவுன்ட்டரில். முதலாளி பிரீபன் நல்ல மனிதன்தான், ஆனால் ஜன்னலில் எதையாவது அடுக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. அவன் கடையை வாங்கி வந்த முதல் மாதமே யூட்டா ஒரு விதி போட்டுவிட்டாள். புதிதாக எந்த ஊட்டச்சத்து மாத்திரை வந்தாலும், வெள்ளிக்கிழமை காலை பின்னறையில் நாங்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகக் காபி குடிக்கும்போது, அதன் ஆய்வை உரக்கப் படிக்க வேண்டும். படித்துத் தேறினால்தான் அலமாரி. பாதிக்கு மேல் தேறியதில்லை. பிரீபன் முனகுவான், ஆனால் ரொட்டி அவன் செலவு என்பதால் வராமலும் இருக்க மாட்டான்.

இந்தக் குணம் அவளுக்குப் படிப்பால் வந்ததில்லை, மாட்டுத் தொழுவத்தில் வந்தது. அவள் அப்பா பால் பண்ணைக்காரர். ஒரு வசந்த காலத்தில் எவனோ ஒரு விற்பனைக்காரன் வந்து மாட்டுத் தீவனத்தில் கலக்க ஒரு பொடியைக் கொடுத்துவிட்டுப் போனான். பால் கூடியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதே வாரம்தான் குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் கிடந்த மாடுகளை அவிழ்த்துப் புல்வெளிக்கு விட்டார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யூட்டா பக்கத்துப் பண்ணைக்குப் போய், பொடி தின்னாத மாடுகள் எப்படிக் கறக்கின்றன என்று கேட்டுவிட்டு வந்தாள். அங்கேயும் கூடியிருந்தது. வந்து சொன்னதற்கு அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். "பக்கத்துப் பண்ணை எங்கே?" என்பதுதான் அதிலிருந்து அவளுடைய கேள்வி. வெற்று மாத்திரைக் கூட்டம் இல்லாத ஆய்வைப் பார்த்தால் இன்றும் இதைத்தான் கேட்பாள்.

அவள் கணவர் வெர்னர் பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியராக இருந்தவர். ஊரில் பாதி வீடுகளில் அவர் சொல்லிக்கொடுத்துச் செய்த ரொட்டிப் பலகை இருக்கும். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கெட்ட வியாதி எதுவும் இல்லை, சிலருக்கு வயதோடு வரும் நடுக்கம்தான், அவர் அம்மாவுக்கும் இருந்தது என்றார்கள். சும்மா மடியில் கிடக்கும்போது கை அமைதியாக இருக்கும். கோப்பையைத் தூக்கினால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். யாராவது பார்த்தால் இன்னும் அதிகமாகும். வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை அவருடைய ஆஸ்துமாவுக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதில் மனிதர் தள்ளாடினார். கடைசியில் மருந்தே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மருந்தை விட்டதோடு நிற்கவில்லை, காபியையும் விட்டார். எங்கள் பக்கத்தில் காபியை விடுவதென்றால் மனிதர்களை விடுவது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கையில் கோப்பையைத்தான் கொடுப்பார்கள். அவர் பிறந்தநாள்களுக்குப் போவதை நிறுத்தினார், சங்கக் கூட்டத்தை நிறுத்தினார். கூப்பிட்டால் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்பார், பனி மூடிக் கிடக்கும் ஜனவரி மாதத்தில்கூட. ஜூனில் அவர்களுடைய ஒரே மகள் உல்லாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. பெண்ணின் அப்பா எழுந்து நின்று பேசி, கோப்பையை உயர்த்த வேண்டும். அதை மட்டும் மாப்பிள்ளையின் அப்பா செய்யட்டும் என்று வெர்னர் ஒருநாள் மெதுவாகச் சொன்னாராம். இதை யூட்டா என்னிடம் சொன்னபோது கவுன்ட்டரில் ஒரே பெட்டியை மூன்று தடவை அடுக்கினாள்.

பிப்ரவரியில் அந்தக் கட்டுரை வந்தது. கடலோரத்தில் வளரும் ஏதோ ஒரு முட்செடியின் வேர், அதன் சாறு அடைத்த மாத்திரை, கை நடுக்கத்துக்கு. மாத்திரைக் கம்பெனியின் விற்பனைக்காரன் ஒரு ஜாடியையும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அன்று மதியம் நான் பின்னறைக்குப் போனபோது யூட்டா அதைப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து. விரல் தலைப்பை மூடவில்லை, தலைப்பின் அடியில் வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது. 

"எப்படி இருக்கு?" என்றேன்.

"அருமையா இருக்கு, பியர்த்தா."

எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்களுக்கு எது எவ்வளவு பிடித்தாலும் "மோசமில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். குழந்தை பிறந்தாலும் மோசமில்லை, வீட்டுக் கடன் அடைந்தாலும் மோசமில்லை. நான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்று கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெர்னர் குடிக்கும் ஆஸ்துமா மருந்தோடு இது ஒத்துப்போகுமா என்பதை மட்டும் நன்றாக அலசிப் பார்த்தாள், அதில் அவள் கோட்டை விடவில்லை. ஜாடியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் வாயைத் திறக்கவில்லை. யார்தான் திறப்பார்கள்? தெரியாத ஜனங்களுக்கெல்லாம் இத்தனை வருஷம் நியாயம் பார்த்தவள், தன் ஆளுக்காக ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்ளட்டுமே என்று இருந்தது எனக்கு.

வெர்னரின் கை தேறியது. பொய் சொல்லவில்லை, நானே பார்த்தேன். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்வாசல் வழியாக வந்தார், தலையில் குல்லா, கன்னமெல்லாம் சிவப்பு. ஒரு கோப்பை காபி கிடைக்குமா என்றார். குடித்தார். கொஞ்சம் ஆடியது, ஆனால் சிந்தவில்லை. யூட்டா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். அதற்கப்புறம் எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தார். ஏப்ரலில் காபிக் கோப்பைகள் வைத்த தட்டைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். பிரீபன் விசிலடித்தான். கல்யாணப் பேச்சை எழுதிக்கொண்டிருப்பதாக வெர்னர் என்னிடம் ரகசியம்போலச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அந்த மனிதரை நான் பார்த்தே பல வருஷமாகியிருந்தது.

சின்ன ஊர், சேதி பரவாமல் இருக்குமா? வெர்னர் ஏதோ குடிக்கிறார், கை நடுக்கம் நின்றுவிட்டது என்று பேச்சு. பிரீபனுக்கு வாயெல்லாம் பல். இரண்டு பெட்டி வரவழைத்துப் பின்னறையில் வைத்துவிட்டு, விதிப்படி எப்போது படிக்கப் போகிறோம் என்று தினமும் கேட்டான். யூட்டா அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினாள்.

மே மாதத் தொடக்கத்தில் அஸ்டா வந்தாள். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும் அதே நடுக்கம், கையோடு தலையும் ஆடும். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்காகக் குடிப்பவள். கவுன்ட்டரில் நின்று வெர்னர் குடிப்பதில் ஒரு ஜாடி வேண்டும் என்றாள். இன்னும் விற்கவில்லை என்று யூட்டா சொன்னாள்.

"அட சீக்கிரம் வைங்கம்மா. நான் பழைய மாத்திரையை நேத்தோட நிறுத்திட்டேன்" என்றாள் அஸ்டா.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீ உன் வீட்டுக்காரருக்கே அதைத்தானே குடுக்குறே. நீ படிக்காம குடுப்பியா?"

 அஸ்டா குடிப்பது சட்டென்று நிறுத்தக் கூடாத மாத்திரை. நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். அங்கேயே தொலைபேசியை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். அஸ்டாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் சொன்னபடி மாத்திரையைத் திரும்பத் தொடங்க வைத்து, அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் கோட்டைக் கழற்றாமலே நின்றாள். பைக்குள்ளிருந்து அந்தக் கட்டுரையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள், கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி.

"வெள்ளிக்கிழமை படிக்கிறேன்" என்றாள்.

அதன் பொருள் எனக்குத் தெரியாமல் இல்லை. மாத்திரையில் ஒன்றுமில்லை என்றால், வெர்னரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நம்பிக்கை மட்டும்தான். அதை அவள் தன் வாயாலேயே எடுக்கப் போகிறாள், கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது. எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. அஸ்டாவிடம் தனியாகச் சொல்லிவிட்டு, பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெர்னரை அப்படியே விட்டால் என்ன என்று கேட்டேன். அவள் அஸ்டா உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்ப அதன் இடத்தில் போட்டாள். இன்னொரு அஸ்டா எந்த வீட்டில் இருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

வெள்ளிக்கிழமை வெர்னர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தட்டையும் அவரே கொண்டுவந்து வைத்தார், நான்கு கோப்பை. தன் கோப்பையை அதன் சின்னத் தட்டோடு கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பிரீபன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, இந்தத் தடவை படிக்கவே வேண்டாம், அத்தாட்சி இதோ உட்கார்ந்து காபி குடிக்கிறதே என்றான்.

யூட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினாள். பணம் கொடுத்தது மாத்திரை செய்கிற கம்பெனி. எழுதியவர்கள் நான்கு பேரில் இரண்டு பேர் அங்கேயே சம்பளம் வாங்குகிறவர்கள், கணக்குப் போட்டவரும் அதில் ஒருவர். பிரீபன் குறுக்கே வந்தான். எல்லா மருந்துக்கும் கம்பெனிக்காரன்தானே செலவு செய்கிறான் என்றான். உண்மைதான், அதனாலேயே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது, மிச்சத்தை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று சொல்லிவிட்டு அட்டவணைக்குப் போனாள்.

சேர்ந்தவர்கள் இருபது பேர். முடித்தவர்கள் பதினான்கு. நடுவில் போன ஆறு பேர் ஏன் போனார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, பலன் இல்லாமல் போனவர்களாகவும் இருக்கலாம். அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இருபது பேரே கொஞ்சம். ஒருவர் இருவருக்கு அந்த மாதம் தானாகவே நன்றாக இருந்தால்கூட மொத்தக் கணக்கும் சாய்ந்துவிடும். நடுக்கத்தை எந்தக் கருவியாலும் அளக்கவில்லை. தேறியிருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது அந்தச் சத்தம் கேட்டது. வெர்னரின் கோப்பை தட்டில் மோதுகிற சத்தம். மெல்லிய கிணுகிணுப்பு, விடாமல். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிரீபன் ரொட்டியைக் கீழே வைத்தான். யூட்டாவின் குரல் நின்றுவிட்டது.

"நிறுத்தாதே. படி" என்றார் வெர்னர்.

படித்தாள்.  சேர்ந்த அத்தனை பேருக்கும் வேர் மாத்திரை. பார்க்க ஒரே மாதிரி வெற்று மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் வைத்த கூட்டம் கிடையாது. எல்லாருக்கும் எதைக் குடிக்கிறோம் என்று தெரியும். நடுக்கம் ரொம்ப மோசமாக இருக்கிற நேரத்தில்தான் ஆட்கள் இதற்கெல்லாம் வருவார்கள், அதற்கப்புறம் தானாகவே கொஞ்சம் குறையும். யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்றாலே மனசு லேசாகும், கையும் லேசாகும். அதில் வேர் செய்தது எவ்வளவு, மற்றது செய்தது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

"பக்கத்துப் பண்ணை எங்கே?" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "வேர்ல ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லலை. இருக்குன்னு இந்தக் காகிதம் காட்டலை, அவ்வளவுதான். எங்க வீட்டு ஆளு ஒருத்தரு. ஒருத்தரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதுவும் நான் பாக்குற கண்ணை நம்பவே கூடாது, எனக்கு அவரு கை ஆடாம நிக்கணும்."

பிரீபன் அன்றே பெட்டிகளைத் திருப்பி அனுப்பினான். ஒரு வார்த்தை முனகவில்லை. வெர்னர் பாதிக் காபியைக் காற்சட்டையில் சிந்தியிருந்தார். மீதியை நிதானமாகக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

நான் தாங்கமாட்டாமல் யூட்டாவைத் தனியாகப் பிடித்து, அவரையாவது வரவேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். சொன்னாளாம். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில், நாளைக்குக் காபிக்கு வராதே என்றாளாம். ஏன் என்றார். படிக்கப் போகிறேன் என்றாள். எங்கிருந்து என்று கேட்டார். பின்னாலிருந்து என்றாள். அவர் ரொம்ப நேரம் உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ போன தடவை எங்கேருந்து படிச்சே?" என்று கேட்டாராம். அவள் அழுதிருக்கிறாள்.

"எனக்காக நீ முன்னாலேருந்து படிச்சியே, அது போதும் எனக்கு. நாளைக்கு நான் வருவேன்" என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு யூட்டா மூக்கைச் சிந்தினாள். எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் நாங்கள் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அவளுக்கு இன்னொரு காபி ஊற்றிக் கொடுத்தேன். ஜாடியில் மிச்சமிருந்த மாத்திரைகளை என்ன செய்தார் என்று கேட்டதற்கு, தினமும் விழுங்குகிறார், இருப்பதை எறிய மனசு வரவில்லையாம் என்றாள். அதற்குத்தான் நாங்கள் இருவரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவதை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். எங்கள் முன்னால் ஒரு தடவை ஆடிவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். கல்யாணப் பேச்சை மட்டும் யோசிக்க வேண்டும் என்றார். நூறு பேர் பார்க்க, கையில் ஒயின் கோப்பையோடு.

ஜூனில் கல்யாணம் ஊர்ச் சங்கக் கூடத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்தார்கள், எல்லாரும் நல்ல உடுப்பில். சாப்பாடு முடிகிற நேரம் வெர்னர் எழுந்து நின்றார். பரிமாறுகிறவர்கள் பேச்சுக்கான ஒயினை ஊற்றிக்கொண்டு வந்தார்கள். என் கோப்பையைப் பார்த்தேன், பாதிதான் இருந்தது. பக்கத்தில் பிரீபனுக்கும் பாதி. எதிரே இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா தன் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஜுட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு என்று தெரியாது என்று மனைவியிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

வெர்னர் பேசினார். உல்லா குழந்தையாக இருந்தபோது உளியால் சாப்பாட்டு மேஜையின் காலைச் செதுக்கியதைச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். கோப்பையை உயர்த்தச் சொன்னார். அவர் கை ஆடியது, நன்றாகவே ஆடியது. கோப்பைக்குள் ஒயின் அலை அடித்தது. பாதியே இருந்ததால் விளிம்பைத் தாண்டவில்லை. கூடம் முழுக்கப் பாதிக் கோப்பைகள் மேலே எழுந்தன. அவருடையதை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்துவிட்டு உட்கார்ந்தார். உல்லா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நாட்டியத்துக்கு நாற்காலிகளை ஒதுக்கும்போது யூட்டா என் பக்கம் வந்தாள். பெரியப்பா சொன்ன கஞ்சத்தனத்தைச் சொல்லி, வெர்னருக்கு மட்டும் பாதி ஊற்றச் சொல்லியிருந்தால் போதாதா, ஊர்ப் பேர் கெட்டதுதான் மிச்சம் என்றேன்.

"அவருக்கு மட்டும் பாதி ஊத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும், அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்தாத்தான் யாரோடது எதுன்னு யாருக்கும் தெரியாது" என்றாள். "இத்தனை வருஷமா வெள்ளிக்கிழமை என்னத்த கேட்டுட்டு உக்காந்திருந்தே?"

அந்தப் பக்கம் வெர்னர் பெரியப்பாவுக்குக் காபி கொண்டுபோய்க்கொண்டிருந்தார், கோப்பையில் கொஞ்சம் தட்டில் கொஞ்சமாக.

"மோசமில்லை" என்றேன்.